லாபம் விடுபட்ட பட்டியல்

ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் ஜாய்ஸைத் தெரியாத கடைக்காரர் இல்லை. ஆனால் அவளுக்கென்று கடையும் இல்லை, அலுவலகமும் இல்லை. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு பழைய லேப்டாப். காலையில் பாத்திரக்கடை, மதியத்துக்கு மேல் தீவனக்கடை, சாயங்காலம் எந்தக் கடையில் கணக்கு இடிக்கிறதோ அந்தக் கடை. கணக்கு எழுதிக் கொடுத்து, மாதாமாதம் வரிப் படிவம் அனுப்பிக் கொடுப்பது அவள் தொழில்.

இந்தத் தொழிலை அவளுக்கு யாரும் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்பா சவரிராஜ் அரிசி ஆலையில் ஃபிட்டர். நாடெங்கும் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று பேச்சு கிளம்பிய காலத்தில், மகன் ஜெரால்டைத் தஞ்சாவூரில் கட்டணம் கட்டிக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். மகளைத் தையல் வகுப்புக்கு அனுப்பினார். ஜாய்ஸ் தையலில் சம்பாதித்த காசைக் கட்டி அஞ்சல் வழியில் பி.காம். படித்தாள், அண்ணன் படித்த அதே கம்ப்யூட்டர் சென்டரில் கணக்கு மென்பொருளும் கற்றாள். அண்ணன் சிங்கப்பூர் போனான். 'புள்ள படிச்சு முன்னுக்கு வந்துட்டான்' என்று ஊர் சொன்னது. அதே படிப்பைத் தன் செலவில் படித்து முடித்தவளைப் பற்றி ஊர் கேட்ட ஒரே கேள்வி, எப்போது கல்யாணம் என்பதுதான். கணவன் ஆல்பின் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவான்.

இப்படி ஆண்கள் விமானம் ஏறிப் போன ஊரில் கடைகளைத் திறந்து வைத்திருந்தவர்கள் பெண்கள். பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை. கால்நடைக் கல்லூரிக்குப் போகும் சாலையில் 'காதர் மைதீன் தீவன ஸ்டோர்' என்று ஒரு கடை உண்டு. காதர் மைதீன் மலேசியா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. கடைக்குச் சரக்கு வாங்குவது, இறக்குவது, விற்பது, ஆலைக்காரனோடு சண்டை போடுவது எல்லாம் அவர் மனைவி கமருன்னிஸா. ஆனாலும் கடைக்கு வரும் ஏஜெண்டுகள் இன்றைக்கும் முதலில் கேட்பது, "ஓனர் இல்லீங்களா?" என்றுதான்.

ஜிஎஸ்டி வந்த பிறகு, கணினி இல்லாத கடைக்காரரை எல்லோரும் சேர்ந்து மிரட்டினார்கள். மழைக்குப் பிறகு முளைப்பது போல மென்பொருள் விற்பவர்கள் முளைத்தார்கள். எதை வாங்குவது, எது ஏமாற்று என்று சொல்ல ஆள் இல்லை. கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து 'கடைத்தெரு' என்று ஒரு மாத இதழ் நடத்திவந்தார்கள். பெயின்ட் கடை பஞ்சநதம்தான் அதன் ஆசிரியர். கஜா புயலுக்கு அடுத்த ஆண்டு, அக்டோபரில், அவர் ஜாய்ஸைக் கூப்பிட்டார்.

"ஜாய்ஸு, சின்னக் கடைக்கு ஏத்த கணக்கு சாஃப்ட்வேர் மூணு எடுத்துக்க. எது லேசா இருக்கு, போன் பண்ணா எவன் எடுக்குறான், நம்ம கணக்க நாம வெளிய எடுக்க முடியுதான்னு பார்த்து எழுதிக் குடு. டிசம்பர் இதழ்ல போடுறேன். அதப் பார்த்துத்தான் நம்ம ஆளுங்க வாங்கப்போறாங்க."

"உள்ளத எழுதலாமாண்ணே?"

"உள்ளதத்தான் எழுதணும். இல்லன்னா விளம்பரமே போதுமே."

அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் ஒப்புக்கொண்டாள்.

மூன்று மென்பொருள்களுக்கும் வாயில் நுழையாத பெயர்கள். கமருன்னிஸா அவற்றின் நிறத்தைப் பார்த்துப் பச்சை, நீலம், ஆரஞ்சு என்று கூப்பிட்டாள். ஜாய்ஸும் அப்படியே எழுதினாள். நீலம் ஏற்கெனவே தீவனக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரலில் வாங்கியது. மற்ற இரண்டையும் தன் லேப்டாப்பில் போட்டு, தீவனக்கடையின் ஒரு மாதப் பில்களை மூன்றிலும் ஏற்றிப் பார்ப்பது என்று முடிவுசெய்தாள். மென்பொருள் கம்பெனி தரும் மாதிரிக் கணக்கில் எல்லாமே சரியாகத்தான் வரும். நிஜக் கடையின் கணக்கில்தான் மூட்டையைப் பிரித்து மூன்று கிலோ விற்பார்கள், பில் போட்டபின் ஒரு சாமானைத் திருப்பித் தருவார்கள், ஒரே ஊரில் நான்கு மாரிமுத்து இருப்பார்கள்.

லேசாக இருப்பதில் பச்சைக்கு நிகர் இல்லை. கமருன்னிஸா யாரிடமும் கேட்காமல் அரை மணி நேரத்தில் அதில் பில் போட்டாள். தமிழிலேயே இருந்தது. ஆனால் எந்தச் சரக்கு எந்த லோடில் வந்தது என்று குறிக்க அதில் இடமே இல்லை. கணக்கை வெளியே எடுத்தால் பிடிஎஃப் மட்டும்தான் வந்தது.

"பிடிஎஃப்புன்னா படம் மாதிரிக்கா. பாக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். ஆனா நாளைக்கு வேற சாஃப்ட்வேருக்கு மாறணும்னா ஒவ்வொரு வரியா உக்காந்து திருப்பி அடிக்கணும்."

"அப்ப இது கல்யாணம் மாதிரி. உள்ள போறதுக்கு லேசு" என்றாள் கமருன்னிஸா.

ஆரஞ்சு நேர் எதிர். ஒரு பில் போட ஐந்து திரை தாண்ட வேண்டும். சந்தேகம் கேட்கத் தொலைபேசி எண்ணே கிடையாது, மின்னஞ்சல்தான். அனுப்பினால் மூன்றாம் நாள் பதில் வரும், ஆங்கிலத்தில். ஆனால் கணக்கு முழுவதையும், வாடிக்கையாளர் முதல் லோடு வரை, வேறு எந்த மென்பொருளிலும் ஏற்றக்கூடிய சிஎஸ்வி கோப்பாக வெளியே தந்தது. நேராக எக்ஸெலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கோணல்மாணலாகத் தெரிந்தன. எக்ஸெலின் டேட்டா பகுதிக்குப் போய், எழுத்து முறை யுடிஎஃப்-8 என்று தேர்ந்து உள்ளே இழுத்தால் எல்லாப் பெயரும் ஒழுங்காக வந்தன. ஜாய்ஸ் இதையும் எழுதிக்கொண்டாள். கோப்பில் தப்பில்லை, திறக்கும் முறையில்தான் தப்பு.

நீலம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. பில் போடுவது சுமாரான சுலபம். லோடு எண் குறிக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் எக்ஸெல் கோப்பு வந்துவிடும். தஞ்சாவூரில் செந்தில்குமார் என்று ஒரு டீலர் இருந்தான். போன் அடித்தால் எடுப்பான், 'அக்கா சொல்லுங்கக்கா' என்பான், தன் கணினியிலிருந்தே கடையின் திரையைத் திறந்து சரிசெய்து கொடுப்பான். நவம்பர் முதல் வாரத்தில் ஜாய்ஸின் குறிப்புகளில் நீலம்தான் முன்னால் நின்றது.

அந்த நேரத்தில்தான் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை வந்தது.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கு அடுத்தடுத்து மாடுகள் வந்தன. தீனி எடுக்கவில்லை, பால் பாதியாகக் குறைந்தது, கண் மஞ்சளாகியது. டாக்டர், மாட்டுக்காரர்கள் வாங்கிய புண்ணாக்கைச் சோதித்துவிட்டுக் கமருன்னிஸாவுக்கு நேராகவே போன் செய்தார். ஈரக்கடலையில் வளரும் பூஞ்சையின் நஞ்சு அது. ஈரலைத் தாக்கும், பாலிலும் இறங்கும். இருப்பதை விற்காதீர்கள், விற்றதைத் திருப்பி வாங்குங்கள் என்றார்.

புண்ணாக்கு அனுப்பிய ஆலை முதலில் மறுத்தது. பிறகு, அக்டோபரில் அனுப்பிய இரண்டு லோடுமே ஒரே கடலையில் ஆட்டியவைதான் என்று ஒப்புக்கொண்டது.

கமருன்னிஸா போனை வைத்தாள். புயலில் தென்னை போன பிறகு பேராவூரணிப் பக்கத்துக் குடும்பங்கள் பல, ஒரு மாடு இரண்டு மாட்டை வைத்துத்தான் அடுப்பெரித்தன. அவர்களில் பலர் ஒரத்தநாட்டுக்கு வரும்போது அவள் கடையில்தான் தீவனம் வாங்கினார்கள்.

"யார் யார் வாங்குனாங்கன்னு எனக்குத் தெரியணும். ஒருத்தர் விடாம. இன்னைக்கே" என்றாள்.

"அதுக்குத்தானக்கா கம்ப்யூட்டரு" என்று ஜாய்ஸ் நீலத்தைத் திறந்தாள். அக்டோபர் முதல் அன்றுவரையான விற்பனையை எக்ஸெலாக வெளியே எடுத்தாள். 'எக்ஸ்போர்ட் சக்சஸ்ஃபுல்' என்று பச்சை எழுத்தில் வந்தது, பக்கத்தில் ஒரு சரி அடையாளத்தோடு. கடலைப் புண்ணாக்கை மட்டும் வடிகட்டினாள். பெயர், ஊர், செல் எண் எல்லாம் வரிசையாக நின்றன.

கமருன்னிஸா பட்டியலைப் பார்த்தாள். "இவ்வளவுதானா? இன்னும் கூட இருக்கும்போல இருக்கே."

"மாசத்துல நாலு பேரு அஞ்சு தடவ வாங்கியிருப்பாங்கக்கா. உங்களுக்குக் கூட்டமா தெரியும்."

இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு போன் செய்தார்கள். புண்ணாக்கைப் போடாதீங்க, மிச்சத்தக் கொண்டாங்க, பணம் திருப்பித் தர்றோம். சிலர் திட்டினார்கள். சிலர் மூட்டையை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பட்டியலின் கடைசிப் பெயர்வரை கூப்பிட்டு முடித்தபோது கமருன்னிஸா, "அல்லா, ஒருத்தரையும் விடல" என்று கண்ணைத் துடைத்தாள்.

நான்காம் நாள் அகிலாண்டம் வந்தாள். பேராவூரணிக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்துக்காரி. ஐம்பது வயது. செருப்பைக் கூடக் கழற்றாமல் கல்லா முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் போன் போட்டியாமே? எங்க தெருவுல எதுத்த வூட்டுக்காரிக்குப் போட்டிருக்க. நான் ஒன்ன என்ன பண்ணேன்? எனக்கு ஏம்மா சொல்லல?"

கமருன்னிஸா எழுந்து நின்றுவிட்டாள். "அத்தாச்சி, நீங்க வாங்குனீங்களா?"

"வாங்குனேனாவா? பில்லக் குடுத்தது நீதான?" மடியிலிருந்து நான்காக மடித்த பில்லை எடுத்துக் கல்லாமேல் அடித்தாள். "நேத்து காலையில மாடு படுத்துது. எந்திரிக்கல. சினை மாடு. டாக்டரு ஊசி போட வரங்காட்டியும் போயிருச்சு. எதுத்த வூட்டுக்காரிக்கு நீ சொன்ன அன்னைக்கே எனக்கும் சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேனா? அவ மாடு நிக்குது. எம் மாடு குழிக்குள்ள இருக்கு."

ஜாய்ஸ் பில்லை எடுத்துப் பார்த்தாள். பில் எண் இருந்தது. நீலத்தில் அந்த எண்ணை அடித்தாள். திரையில் வந்தது. அகிலாண்டம், ஊர், செல் எண், கடலைப் புண்ணாக்கு ஒரு மூட்டை. எக்ஸெல் கோப்பைத் திறந்தாள். முந்தைய பில் இருந்தது, அடுத்த பில் இருந்தது. நடுவில் அந்த எண் இல்லை.

"அக்கா, ரெண்டு மணி நேரம் யாரும் இந்தக் கம்ப்யூட்டரத் தொடாதீங்க" என்றாள்.

கோப்பில் இல்லாத எண்களை ஒவ்வொன்றாகக் குறித்து, ஒவ்வொரு பில்லாகத் திரையில் திறந்தாள். விடுபட்ட பில்களில் கடலைப் புண்ணாக்கும் இருந்தது, தவிடும் இருந்தது, பருத்திக்கொட்டையும் இருந்தது. வேறு வேறு நாள், வேறு வேறு ஆள். ஒரே ஒரு விஷயம்தான் எல்லாவற்றிலும் பொது. லோடு எண் என்ற கட்டத்தில் எண் இல்லை. 'லாபம்' என்று இருந்தது.

நெல் அளக்கும் ஊர்களில் யாரும் ஒன்று என்று எண்ணத் தொடங்குவதில்லை. லாபம், இரண்டு, மூன்று. முதல் மரக்கால் லாபம். அதே வழக்கம் கமருன்னிஸா கடையில் சுமை இறக்குபவர்களிடமும் இருந்தது. ஒவ்வொரு மாதமும் வரும் முதல் லோடை அவர்கள் அடுக்கும் மூட்டை அட்டியில் சாக்பீஸால் 'லாபம்' என்று எழுதுவார்கள். அடுத்த லோடு 2. கமருன்னிஸாவும் பில்லில் அப்படியே அடித்தாள். நீலம் அதை வாங்கிக்கொண்டது. பில்லில் அச்சடித்தது. 'தப்பு' என்றோ 'எண் மட்டும் அடிக்கவும்' என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோப்பாக வெளியே அனுப்பும்போது மட்டும், அந்தக் கட்டத்தில் எண்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, எண்ணாக இல்லாத வரிகளை எல்லாம் சத்தமில்லாமல் தூக்கி எறிந்தது. எறிந்துவிட்டுச் சரி அடையாளம் போட்டது.

முதல் லோடு வாங்கிய ஒருவர் பெயரும் பட்டியலில் இல்லை. மழையில் அதிக நாள் கிடந்த சரக்கு அதுதான்.

ஜாய்ஸ் உடனே யாரையும் குற்றம் சொல்லவில்லை. கணக்கின் ஒரு நகலை எடுத்து அதில் சோதித்தாள். அகிலாண்டத்தின் பில்லில் 'லாபம்' என்பதை 1 என்று மாற்றி வெளியே எடுத்தாள். வரி வந்தது. மீண்டும் 'லாபம்' என்று அடித்தாள். வரி காணாமல் போனது. தமிழ் எழுத்தால் வந்த கோளாறா என்று பார்க்க ஆங்கில ஏ எழுத்தை அடித்தாள். அப்போதும் காணோம். அதே பில்லை ஆரஞ்சில் ஏற்றி 'லாபம்' என்றே வெளியே எடுத்தாள். அங்கே முழுசாக வந்தது.

பிறகு செந்தில்குமாருக்குப் போன் போட்டாள். அவன் வழக்கம்போல உடனே எடுத்தான்.

"அக்கா, சொல்லுங்கக்கா."

சொன்னாள்.

"அக்கா, லோடு நம்பர்னு தெளிவா போட்டிருக்குல்ல. நம்பர் அடிக்காம லாபம், நட்டம்னு அடிச்சா சிஸ்டம் என்ன பண்ணும்? யூசர் மிஸ்டேக்குக்கா."

"தப்புன்னா வாங்கும்போதே மாட்டேன்னு சொல்லணும் தம்பி. இல்லன்னா வெளிய தரும்போது, இத்தன வரி தர முடியலன்னு சொல்லணும். ரெண்டும் சொல்லாம சக்சஸ்ஃபுல்னு எப்படிப் போடலாம்?"

"நான் கம்பெனிக்குப் புகார் டிக்கெட் போடுறேன்க்கா."

"போடு. ஒன்கிட்ட வாங்குன மத்த கடைங்களுக்கும் சொல்லு. இந்தப் பக்கம் லாபம்னு எழுதாத கடை எது? எல்லாக் கோப்புலயும் ஓட்ட இருக்கும்."

"அது கம்பெனி அனுமதி இல்லாம சொல்ல முடியாதுக்கா." வைத்துவிட்டான்.

அன்று ஜாய்ஸ் வேறு கடைக்குப் போகவில்லை. திரையில் ஒவ்வொரு பில்லாகத் திறந்து, அவளும் கமருன்னிஸாவும் விடுபட்ட பெயர்களை எடுத்தார்கள். அகிலாண்டம் போகவில்லை. கடையின் மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, "யாரு பேரு வருது? படி, சத்தமா படி" என்றாள். அவளுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எண் மாறியவர்களின் புது எண்ணை அக்கம்பக்கத்தில் கேட்டுச் சொன்னாள். மாடு போனவளே அடுத்தவர் மாட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். லாபத்தை லட்சக்கணக்கில் எண்ணும் ஒரு கம்பெனியில் அந்தப் போனைப் போட அனுமதி தேவைப்பட்டது.

மேலும் இரண்டு மாடுகள் படுத்திருந்தன. நல்லவேளையாக மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மற்றவர்கள் அன்றே அந்தப் புண்ணாக்கை நிறுத்தினார்கள்.

ஜாய்ஸ் கட்டுரையைத் திருப்பி எழுதினாள். பச்சையின் சுலபத்தைப் பாராட்டினாள், கணக்கை வெளியே விடாத அதன் பூட்டைக் கண்டித்தாள். ஆரஞ்சின் கரடுமுரடையும் அதன் நேர்மையையும் எழுதினாள். நீலத்தைப் பற்றி எழுதும்போது, போனை உடனே எடுப்பதும் உதவி செய்வதும் ஒன்றல்ல என்று எழுதினாள். சோதித்த முறையைப் படிப்படியாகச் சொல்லி, எவர் வேண்டுமானாலும் தன் கடையில் செய்து பார்க்கலாம் என்றாள். அகிலாண்டத்தின் அனுமதி கேட்டு, அவள் பெயரையும் மாட்டையும் எழுதினாள்.

பஞ்சநதம் பெயின்ட் கடையிலேயே படித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. நீலத்தப் பத்தின இந்த ரெண்டு பாராவ மட்டும் எடுத்துடுவோம்."

"அந்த ரெண்டுதான் விஷயமேண்ணே."

"பின்னட்டை விளம்பரம் யாருதுன்னு பார்த்தியா? ஒரு வருஷத்துக்குக் குடுத்திருக்காங்க. அதுவுமில்லாம, ஜாய்ஸு, நீ படிச்ச பொண்ணு. ஒண்ணுன்னு எழுதாம லாபம்னு எழுதுறது மூடநம்பிக்கைதான? அத ஒழிக்கணும்னு எழுதேன். முற்போக்கா இருக்கும்."

ஜாய்ஸுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. லாபம் என்று எழுதியதால் எந்தக் கடையிலும் ஒரு ரூபாய் கூடுதலாக வந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? முதல் எண்ணை ஒன்று என்று சொல்லப் பயப்படுகிற ஊரை அவளும் கேலி செய்திருக்கிறாள். ஆனால் பகுத்தறிவு என்பது எளியவன் பழக்கத்தைப் பழிக்க மட்டும் பயன்படுகிற கருவியா? காசு வாங்கிக்கொண்டு பொய்யாகச் சரி அடையாளம் போடுகிறவனைக் கேள்வி கேட்க அது உதவாதா?

"மூடநம்பிக்கை எதுண்ணே? முதல் மூட்டைய லாபம்னு சொல்றதா, திரையில சக்சஸ்ஃபுல்னு வந்தா அப்படியே நம்புறதா? ஏ எழுத்தப் போட்டாலும் வரி காணாமப் போவுது. ஏ-ங்கிறதும் மூடநம்பிக்கையா?"

"வாதம் பண்ணாத. பத்திரிகை ஓடணும்."

"ஓடட்டும். எங் கட்டுரை வேண்டாம். மத்த ரெண்டப் பத்தி எழுதுனதையும் போடாதீங்க. பாதிய எடுத்துட்டுப் போட்டா, நீலம் என்ன செஞ்சுச்சோ அதத்தான் நீங்களும் செய்றீங்க."

தாளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். எழுதக் கூலி கிடையாது என்பது முன்பே தெரிந்ததுதான். பெயின்ட் கடையின் கணக்கையும் அவள்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அது மறுநாளோடு நின்றது.

நடந்ததைக் கேட்டுக் கமருன்னிஸா ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "ஜெராக்ஸ் கடைக்குப் போ" என்றாள். "பின்னட்டைய அவன் வாங்கிட்டான். என் மூட்டைய எவனும் வாங்கல. நான் விக்குற ஒவ்வொரு மூட்டையோடயும் ஒண்ணு போகட்டும்."

கட்டுரையின் நகல் அப்படித்தான் போனது. தீவன மூட்டையோடு ஊர்களுக்குப் போனது, உரக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் போனது. யாரோ அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட, திருத்துறைப்பூண்டி அரிசி மண்டிக்காரர் ஒருவர் ஜாய்ஸைக் கூப்பிட்டு, "எங்கிட்டயும் நீலந்தாம்மா. லாபம் அட்டி பூரா காணோம்" என்றார்.

தாள் போகத் தொடங்கிய மூன்றாம் வாரம் செந்தில்குமார் பைக்கில் நேராகத் தீவனக்கடை வாசலில் வந்து இறங்கினான். ஜாய்ஸ் உள்ளே கணக்கு அடித்துக்கொண்டிருந்தாள். ஆலையிடம் கேட்டிருந்த நஷ்ட ஈட்டு விஷயமாக அகிலாண்டமும் வந்திருந்தாள். செந்தில்குமார் கையில் அந்த ஜெராக்ஸ் தாள் கசங்கியிருந்தது.

"என்னக்கா இது? என் பொழப்புல மண்ணப் போடுறீங்களே! பதினஞ்சு கடை வாங்கறேன்னு சொன்னவங்க பின்வாங்கிட்டாங்க. கம்பெனி என் மேல பாயுது. அதான் சரி பண்ணிட்டோம்ல! அப்டேட் வந்துடுச்சு, பார்த்தீங்களா?"

ஜாய்ஸ் பார்த்திருந்தாள். அப்டேட்டோடு ஒரு குறிப்பு வந்திருந்தது. 'சிறு மேம்பாடுகள்' என்று. வேறு விளக்கம் இல்லை. அவள் சோதித்தும் பார்த்திருந்தாள். "இப்ப லாபம் வருது. அத நேத்தே அடுத்த ஜெராக்ஸ்ல சேர்த்துட்டேன். தேதி போட்டு எழுதியிருக்கேன்."

அவன் கொஞ்சம் இறங்கினான். "அப்புறம் என்னக்கா பிரச்சன?"

"போன வாரம் வரைக்கும் வெளிய எடுத்த கோப்பெல்லாம் அப்படியே ஓட்டையோடதான இருக்கு? வச்சிருக்கவங்களுக்கு அது எப்படித் தெரியும்? உரக்கடை, மருந்துக்கடை, விதைக்கடை எல்லாம் ஒங்கிட்ட வாங்கியிருக்காங்க. நாளைக்கு ஒரு விதை முளைக்கல, ஒரு மருந்து கெட்டுப்போச்சுன்னா, அவங்களும் இந்தப் பட்டியல நம்பித்தான் போன் போடுவாங்க. நீ எத்தன பேருக்குச் சொன்ன?"

"அதான் சொன்னேனே, கம்பெனி…"

"இந்தத் தம்பிதானா அது?" என்றாள் அகிலாண்டம். அதுவரை அவனை யாரென்று அவளுக்குத் தெரியாது. எழுந்து வந்து அவனுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றாள். "தம்பி, எம் பேரு அகிலாண்டம். ஒங்க மிஷின் முழுங்குன பேரு."

செந்தில்குமார் தாளைப் பார்த்தான். அதில் அந்தப் பெயர் இருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்க்க முடியவில்லை.

"எனக்கு நஷ்ட ஈடு ஆலைக்காரன் குடுப்பான், குடுக்காமப் போவான். அத நான் பாத்துக்கிறேன். ஒங்கிட்ட நான் ஒத்த ரூவா கேக்கல" என்றாள். "எனக்கு ஒரு போன் வந்திருந்தா போதும். அதத்தான் மத்தவங்களுக்குப் போடச் சொல்றாங்க. அதுக்கு ஒனக்கு எவன் அனுமதி வேணும்?"

"வேலை போயிடும்மா" என்றான். குரல் சன்னமாக இருந்தது. அவனும் கமிஷனில் பிழைப்பவன்தான். மேலே இருப்பவர்கள் யாரும் இந்தக் கடைக்கு வரப்போவதில்லை, இந்தப் பெண் முன்னால் நிற்கப்போவதில்லை. அவர்கள் செய்ததற்கெல்லாம் பதில் சொல்லத்தான் இவனுக்குக் கமிஷன் போலும்.

"போவட்டுமே. நான் மாட்டையே குடுத்தேன்" என்றாள் அகிலாண்டம்.

கமருன்னிஸா ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளி அவன் பக்கம் நகர்த்தினாள். "ஒக்காருங்க தம்பி. டீ சொல்றேன். கஸ்டமர் நம்பரெல்லாம் போன்லதான இருக்கும்?"

அவன் வாசலைப் பார்த்தான். அகிலாண்டம் நகரவில்லை. தலையைத் துவட்டிக்கொள்வதுபோல ஒரு முறை கையால் கோதிவிட்டு உட்கார்ந்தான். போனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளி ஒரு பெயரில் நிறுத்தினான். அடித்தான்.

"அண்ணே, வணக்கம்ணே. செந்தில் பேசுறேன்… இல்லண்ணே, ரெனியூவலுக்கு இல்ல. ஒரு விஷயம்… நம்ம சாஃப்ட்வேர்ல இதுவரைக்கும் எக்ஸெல் எடுத்தீங்கல்ல, அதுல ஒரு கோளாறு இருந்துச்சு…" குரல் உள்ளே போனது.

"சத்தமா சொல்லு" என்றாள் அகிலாண்டம்.